முதலில் கட்டிய ஆலை

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெள்ளை நிறத்துக்குத் திடீரென்று கிராக்கி. சுவர் பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக் என்று வெண்மை தேவைப்படும் இடமெல்லாம் சேர்வது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற தூள். அதைத் தயாரித்த நிறுவனங்களில் சில ரூட்டைல் என்ற உயர்ரகக் கனிமத்தை நம்பியிருந்தன. அதன் விலை ஏறிவிட்டது. வேறு சில, கந்தக அமிலத்தில் கனிமத்தைக் கரைக்கும் பழைய முறையில் இயங்கின. கழிவு அமிலத்தைக் கொட்ட முடியாதபடி சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின. டூபாண்ட் நிறுவனத்துக்கு மட்டும் இரண்டு தலைவலியும் குறைவு. மலிவான இல்மனைட்டை, நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கும் அதே கனிமத்தை, குளோரின் முறையில் பதப்படுத்தும் வித்தை அதன் கையில் இருந்தது. வளரப்போகும் சந்தையின் பெரும்பகுதியைத் தானே பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆலைகளை விரிவாக்க அது திட்டமிட்டது.

மற்றவர்கள் கட்டுவதற்கு முன்பே நாம் பெரிதாகக் கட்டிவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விக்கான கணக்கை ஹைன்ரிஷ் ஃபான் ஷ்டாக்கெல்பெர்க் என்ற ஜெர்மன் பொருளியலாளர் 1934-இல் வெளியிட்ட நூலிலேயே போட்டிருந்தார். ஒருவர் முதலில் உற்பத்தி அளவை முடிவு செய்கிறார். மற்றவர்கள் அதைப் பார்த்த பிறகு தங்கள் அளவை முடிவு செய்கிறார்கள். முன்னால் போகிறவர் தலைவர், பின்னால் வருகிறவர்கள் தொடர்வோர்.

தலைவர் ஒருவர், தொடர்வோர் இருவர் என்று வைத்துக்கொள்வோம். எண்களையும் எளிதாக்கிக்கொள்ளலாம். சந்தைக்கு வரும் மொத்தச் சரக்கை ஆயிரம் மூட்டைகளில் எண்ணி, 130-இலிருந்து கழித்தால் ஒரு மூட்டையின் விலை டாலரில் கிடைக்கும். ஒரு மூட்டை தயாரிக்க மூவருக்குமே 10 டாலர் செலவு. அப்படியென்றால் மொத்தச் சரக்கு 120 ஆயிரத்தைத் தொடும்போது விலையும் செலவும் ஒன்றாகி, லாபம் பூஜ்யமாகிவிடும். இந்த 120-தான் மூவரும் பங்குபோட இருக்கும் இடம்.

கணக்கைக் கடைசி ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். தலைவர் முதலில் முடிவெடுப்பவர்தான். ஆனால் தன் முடிவுக்கு மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரியாமல் அவரால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு தொடர்பவரின் நிலையில் நின்று பார்க்கலாம். மற்ற இருவரும் 80-ஐ நிரப்பிவிட்டால் அவருக்கு மிஞ்சுவது 40. அந்த 40-ஐயும் அவரே நிரப்பினால் லாபம் இல்லை. 10 மட்டும் விற்றால் மூட்டைக்கு 30 டாலர் லாபம்; 20 விற்றால் 20 டாலர்; 30 விற்றால் 10 டாலர். பெருக்கிப் பார்த்தால் 300, 400, 300. ஆக, மிச்சமிருக்கும் இடத்தில் பாதியை எடுப்பதே அவருக்கு நல்லது. மற்றவர்களின் அளவைச் சொன்னால் நம் சிறந்த அளவைச் சொல்லும் இந்த விதிக்குத்தான் எதிர்வினைச் சார்பு என்று பெயர்.

மாணவர்கள் சறுக்குவது அடுத்த படியில். தலைவர் ஆயிரம் மூட்டை கூட்டினால் ஒவ்வொரு தொடர்பவரும் பாதி, அதாவது ஐந்நூறு மூட்டை குறைப்பார் என்று எழுதிவிடுவார்கள். இருவரும் சேர்ந்து ஆயிரம் குறைத்தால் மொத்தச் சரக்கு மாறாது, விலையும் அசையாது. அப்போது தலைவர் எவ்வளவு கூட்டினாலும் நஷ்டமில்லை, இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று விடை எல்லையில்லாமல் ஓடும். அப்படி ஓடினால் தவறு இங்கேதான் என்று புரிந்துகொள்ளலாம்.

பாதி என்ற விதி, மற்றத் தொடர்பவர் அசையாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். அவரோ அசைகிறார். அவர் குறைக்கும்போது இவருக்குக் கொஞ்சம் இடம் திறக்கிறது. இவர் அதில் பாதியை எடுத்துக்கொள்கிறார். எனவே இருவரின் விதிகளையும் ஒருசேரத் தீர்க்க வேண்டும். தலைவர் 60 எடுத்தால் மிச்சம் 60. அதில் ஒருவர் 20 எடுக்க, மற்றவருக்கு 40 மிஞ்சுகிறது. அதில் பாதி 20. இரண்டும் பொருந்திவிட்டன. பொதுவாக, தலைவர் விட்டுவைத்ததில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எடுப்பார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு காலியாகவே கிடக்கும். அந்தக் காலியிடத்தின் அளவுதான் ஒரு மூட்டைக்கு எல்லாருக்கும் கிடைக்கும் லாபம்.

இனி தலைவரின் வேலை சுலபம். அவர் 30 எடுத்தால் மிச்சம் 90, மூட்டைக்கு 30 டாலர் லாபம், மொத்தம் 9 லட்சம் டாலர். 45 எடுத்தால் 11 லட்சத்து 25 ஆயிரம். 60-இல் 12 லட்சம். 75-க்குப் போனால் மறுபடி 11 லட்சத்து 25 ஆயிரம். எனவே 60-தான் விடை. தொடர்வோர் ஆளுக்கு 20 விற்று 4 லட்சம் சம்பாதிப்பார்கள்; விலை 30 டாலர். மூவரும் ஒரே நேரத்தில் முடிவெடுத்திருந்தால் ஆளுக்கு 30, ஆளுக்கு 9 லட்சம், விலை 40 டாலர். முந்திக்கொண்டதன் பலன் தலைவருக்குக் கூடுதலாக 3 லட்சம். தொடர்வோருக்குப் பாதிக்கு மேல் இழப்பு. பெயின்ட் வாங்குபவருக்கோ விலை குறைவு.

இதில் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. தொடர்வோர் இருவரும் 20, 20 என்று தீர்மானித்துவிட்ட பிறகு தலைவருக்கு மிஞ்சியிருப்பது 80. அதே பாதி விதிப்படி, அந்த நிமிடத்தில் அவருக்கு உகந்தது 60 அல்ல, 40. பின்வாங்கினால் விலை 50 டாலருக்கு ஏறும். அவருக்கு 16 லட்சம் கிடைக்கும். தொடர்வோருக்கும் இது தெரியும். 60 என்று வாயால் சொல்லிவிட்டுக் கடைசியில் குறைத்துக்கொள்வார் என்று அவர்கள் கணித்துவிட்டால், பயந்து சுருங்க மாட்டார்கள். ஆட்டம் பழைய 30, 30, 30-க்கே திரும்பிவிடும். பின்வாங்க முடியாதபடி தலைவர் தன் கையைத் தானே கட்டிக்கொண்டால்தான் தலைமை நிலைக்கும்.

ஆலை அந்த வேலையைச் செய்கிறது. குளோரின் முறை ஆலையில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. கட்டிய பிறகு ஓட்டுவதற்கு ஆகும் செலவு மட்டுமே கணக்கில் வரும், அதனால் முழுவீச்சில் ஓட்டவே தோன்றும். மிசிசிப்பி மாநிலம் டிலைலில் டூபாண்டின் புதிய ஆலை 1979-இல் இயங்கத் தொடங்கியது. அங்கே நிஜம் நம் கணக்கைவிடச் சிக்கலானது என்பதையும் சொல்ல வேண்டும்: போட்டியாளர்கள் இருவருக்கு மேல் இருந்தார்கள், டூபாண்டின் செலவும் அவர்களுடையதைவிடக் குறைவு. தலைவர் யார் என்பதிலேயே தகராறு வந்தாலும் கணக்கு கவிழும். மூவரில் இருவர் தங்களைத் தலைவர் என்று நினைத்து ஆளுக்கு 60-க்கு ஆலை கட்டினால் மொத்தம் 120. விலை 10 டாலருக்கு விழுந்து இருவர் கையிலும் ஒன்றும் நிற்காது. இந்த மோதலைத்தான் ஷ்டாக்கெல்பெர்க் பெரிதும் அஞ்சினார்.

டூபாண்ட் சந்தையைத் தனியுரிமையாக்கப் பார்க்கிறது என்று 1978-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தில் புகார் பதிவானது. குறைந்த செலவும் தேவையின் வளர்ச்சியும் அந்த விரிவாக்கத்தை நியாயப்படுத்துகின்றன என்று கூறி 1980-இல் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. நம் கணக்கும் ஓரளவு அதன் பக்கம்தான். முந்திக் கட்டியவரால் விலை 40-இலிருந்து 30-க்கு இறங்கியிருக்கிறது. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தொடர்வோர் இருவரும் ஒரே நிறுவனமாக இணைந்துவிட்டால், தலைவர் 60-ஐ மாற்ற மாட்டார். இணைந்தவர்கள் மிச்சத்தில் பாதியாக 30 மட்டும் விற்பார்கள். தனித்தனியாக 8 லட்சம் சம்பாதித்தவர்களுக்கு 9 லட்சம், தலைவருக்கு 12-க்குப் பதிலாக 18 லட்சம். விலை மறுபடி 40 டாலர்.