தோள் அளவு முடிக்குத் தீபாவளிச் சடை

தோளைத் தொடும் அளவுக்கு மட்டும் முடி உள்ள சிறுமிக்குப் பூ வைத்தால் அரைமணி நேரத்தில் அது ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும். பூவின் கனம் இதற்குக் காரணமில்லை. நீண்ட சடை என்றால் பூச்சரத்தை அதன் மேல்முனையில் சுற்றி முடிந்துவிடலாம். சடையே அதைத் தாங்கிக்கொள்ளும். குட்டை முடியில் அந்தத் தாங்கல் கிடையாது. குழந்தையின் மென்மையான, வழுக்கும் முடியில் செருகிய ஊசி, பிடிக்க ஏதுமில்லாமல் மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். அதனால் இவ்வகை முடிக்கு அலங்காரத்தில் முதல் வேலை, ஊசி கடித்துக்கொள்ளத் தலையை ஒட்டியே ஒரு பிடிமானம் உண்டாக்குவது. பின்னல் அதைத்தான் செய்கிறது. பின்னலை ஊசி பிடிக்கும், ஊசியைப் பூ பிடிக்கும்.

பழைய வழக்கம் வேறு. பாவாடை சட்டைக்கு நீண்ட சடைதான் அழகு என்று, முடி போதாத பெண்ணுக்குச் சவுரி வைத்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டி, உச்சியில் ராக்கொடி வைப்பார்கள். மல்லிகைக் காலத்தில் பூ தைத்துப் படம் எடுப்பதும் உண்டு. பரத மேடைக்கும் படம் எடுப்பதற்கும் சவுரி இன்றும் பொருத்தம்தான். தீபாவளிக்கு அது வேண்டாம். கடையில் கிடைக்கும் மலிவான சவுரிகளில் பெரும்பாலானவை செயற்கை இழை. மத்தாப்பின் பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். முடி கலையாமல் இருக்க அடிக்கும் ஹேர் ஸ்பிரேயும் எளிதில் தீப்பற்றுவது. பட்டாசு வெடிக்கப் போகும் குழந்தைக்கு இரண்டும் இல்லாமல், பின்னலாலும் ஊசியாலும் மட்டுமே நிற்கும் அலங்காரம்தான் ஏற்றது.

அதற்கு வாகானது இரட்டை ஆயிரங்கால் சடை. நெற்றியிலிருந்து தலையை ஒட்டியே இரண்டு பின்னல்கள் இறங்கி, பிடரியில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து உள்ளே மறையும். அந்தச் சந்திப்புக்கு மேலே, ஒரு காதிலிருந்து மறு காதுவரை பூ பிறைபோல வளைந்து உட்காரும். தொங்கும் முடி எதுவும் மிஞ்சாது.

தீபாவளிக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. விடியலில் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்த தலை, பின்னுவதற்கு மிகவும் மோசமான தலை. ஈரமாகவே பின்னினால் அப்போதைக்கு இறுக்கமாகத் தெரியும். காய்ந்ததும் பின்னல் தொளதொளத்துவிடும், உள்முடி காயாமல் வாடையும் வரும். முழுக்கக் காய்ந்தபின் பின்னினாலோ, அலசிய முடி விரலில் நிற்காமல் வழுக்கும். ஆகவே துண்டால் துவட்டி, விரித்துப்போட்டு, பிடரி முடியின் அடிவரை காயவிட வேண்டும். பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, கையில் மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்போது முடியின் மேல் ஓட்டினால் போதும். அதற்கு மேல் போனால் ஊசியும் வழுக்கத் தொடங்கும்.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலையை வைத்துப் பார்க்கலாம். வால் சீப்பின் நுனியால் நெற்றி நடுவிலிருந்து பிடரிவரை நேர்வகிடு எடுத்து, ஒரு பாதியை ரப்பர் பேண்டில் ஒதுக்கிக் கட்டுகிறார்கள். மறுபாதியில், வகிடும் நெற்றியும் சேரும் இடத்தில் இரண்டு விரல் அகல முடியை எடுத்து மூன்று கால்களாகப் பிரிக்க வேண்டும். ஓரக் காலை நடுக்காலின் மேல் போடுவது வழக்கமான பின்னல்தான். முதல் சுற்று அப்படியே போகும். இரண்டாவது சுற்றிலிருந்து, ஓரக் காலை நடுவுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்துத் தலையிலிருந்து ஒரு மெல்லிய கற்றையை அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை வகிட்டுப் பக்கம், அடுத்த முறை காதுப் பக்கம். காதின் பின்புறம் இறங்கி வருவதற்குள் அந்தப் பாதியின் முடி முழுவதும் பின்னலுக்குள் வந்திருக்கும்.

இங்கே கைகளின் இடம் முக்கியம். விரல்கள் மண்டையைத் தொட்டுக்கொண்டே நகர வேண்டும். தூக்கிப் பிடித்துப் பின்னினால் பின்னல் தலையைவிட்டு எழும்பி, பாலம்போல நிற்கும். அதில் குத்திய ஊசி தலைக்கு நெருக்கமாகப் படியாது. இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாதது. பிடரிப் பகுதி வசதியாகக் கைக்கு எட்ட வேண்டும் என்று குழந்தையைக் குனியச் சொல்வார்கள். குனிந்த நிலையில் இறுக்கமாக இருக்கும் பின்னல், நிமிர்ந்ததும் கழுத்தருகே பை விழுந்துவிடும். குழந்தை நேரே பார்த்தபடி உட்கார்ந்திருக்க, பின்னுபவர்தான் தணிந்து உட்கார வேண்டும். எட்டு வயசுக்காரி அவ்வளவு நேரம் அசையாமல் இருப்பாளா என்பது தனிக் கேள்வி.

தலையை ஒட்டிய பகுதி முடிந்ததும் மிஞ்சும் முடியைச் சாதாரணமாகப் பின்னி, நுனியில் சிறு ரப்பர் பேண்டு போட வேண்டும். தோள் அளவு முடியில் இந்த வால் நான்கிலிருந்து ஆறு விரல்கடை வரும். தனியே தொங்கவிட்டால் எலிவால்தான். குறுக்கே மடித்தால் அதுவே பூவுக்கு அடித்தளம் ஆகிவிடும். வலது வாலைப் பிடரியின் குறுக்கே இடப்பக்கம் கொண்டுபோய், அதன் நுனியை இடது பின்னலுக்கு அடியில் செருக வேண்டும். இடது வாலை அதன் மேலாக வலப்பக்கம் கொண்டுபோய் வலது பின்னலுக்கு அடியில் செருக வேண்டும். ரப்பர் பேண்டுகள் இரண்டும் உள்ளே மறைந்துவிடும்.

ஒவ்வொரு செருகலிலும் இரண்டு ஹேர்பின்கள், மொத்தம் நான்கு. ஹேர்பினின் ஒரு கால் நேராகவும் மறுகால் நெளிநெளியாகவும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நெளிக்கால் மண்டைப் பக்கமாக, கீழே இருக்க வேண்டும். முடியைக் கவ்வுவது அதுதான். ஒரு பின் பின்னலின் ஓரத்தையும் வாலையும் சேர்த்துக் கடிக்க, மற்றொன்று அதைக் குறுக்கே வெட்டிப் பெருக்கல் குறிபோலப் பூட்ட வேண்டும். ஒன்று நழுவப் பார்த்தால் மற்றது தடுக்கும். நுனியில் பொட்டுப்போல இருக்கும் பூச்சு உதிர்ந்த பின்னை அப்போதே தூக்கிப் போடலாம். அது தலையைக் கீறும்.

பூ வைக்கும் முன் ஒரு சோதனை. குழந்தை தலையை இருபுறமும் ஆட்டட்டும், மேலே பார்க்கட்டும், குனியட்டும். பின்னல் அசையாமல் இருந்தால் சரி. பிறகு புருவத்தை உயர்த்தச் சொல்ல வேண்டும். உயர்த்தக் கஷ்டப்பட்டாலோ, வகிட்டு ஓரத்தில் தோல் சின்னச் சின்னக் கொப்புளம்போல எழும்பி நின்றாலோ இறுக்கம் அதிகம். அதை அவிழ்த்துப் பின்னுவதைவிட, ஓரக் கால்களை விரல் நுனியால் லேசாக வெளியே இழுத்துத் தளர்த்தலாம்; சடையும் அகலமாகத் தெரியும். வாரக்கணக்கில் இப்படி இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்திலும் பொட்டுப் பக்கத்திலும் முடி மெலிந்து உதிர்வதைத் தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஒருநாள் அலங்காரத்தில் அந்த ஆபத்து குறைவு, தலைவலிதான் மிஞ்சும்.

பூ ஒரு முழம் போதும். அதை இரண்டாக மடித்தால் காதுக்குக் காது வரும் நீளம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். ஐப்பசிக் குளிரில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும். அதோடு, முதல்நாள் மாலை வாங்கிய மல்லிகை விடிவதற்குள் மலர்ந்து, விளையாட்டில் உதிரத் தொடங்கும். கனகாம்பரம் மணக்காது, ஆனால் கனமில்லை, சீக்கிரம் வாடாது, பட்டுப்பாவாடையின் எந்த நிறத்துக்கும் எடுப்பாக இருக்கும். இடையிடையே மல்லிகை வைத்துக் கட்டிய கனகாம்பரச் சரம் கிடைத்தால் மணமும் வந்துவிடும். நெருக்கமாகக் கட்டிய சரமா என்று பார்த்து வாங்க வேண்டும். கலக்கமாகக் கட்டியது மடித்தாலும் நார்தான் தெரியும்.

சரத்தை வைக்கக் கொண்டை ஊசி மூன்று வேண்டும். முதல் ஊசி நடுவில். மடித்த சரத்தின் நடு இடத்தைப் பார்த்து, பூக்களை விரலால் விலக்கினால் நார் தெரியும். ஊசியின் இரு கால்களும் நாரின் இருபுறமும் இறங்க வேண்டும். காம்பில் குத்தினால் அந்தப் பூ கறுத்துவிடும். ஊசியை மேலிருந்து கீழாக நிமிர்த்திப் பிடித்து, குறுக்கே கிடக்கும் வாலின் மேல் இழைகளைக் கொஞ்சம் அள்ளி, அப்படியே எதிர்ப்பக்கம் சாய்த்து உள்ளே தள்ள வேண்டும். அந்தத் திருப்பம்தான் பூட்டு. நேராகக் குத்திய ஊசி, குத்திய வழியிலேயே திரும்பி வந்துவிடும். நடு நின்றபிறகு இரு முனைகளையும் காதுக்குப் பின்னால், தலையை ஒட்டி இறங்கும் பின்னலின் கால்களுக்குள் இதே விதமாகச் செருகலாம். முனைகளை மட்டும் குத்தி நடுவை விட்டால், சரம் தன் கனத்தில் தொய்ந்து கழுத்தில் உரசும். குழந்தை சொறிந்து சொறிந்தே பிய்த்துவிடும்.

லேயர் வெட்டிய முடியில் இந்தச் சடை முழுதாக நிற்காது. குட்டைக் கற்றைகள் காதுக்கு மேலும் பிடரியிலும் முள்ளாக நீட்டிக்கொண்டு வரும். பிடரியில் வருபவற்றை இரண்டு சிறு பின்களால் மேல்நோக்கிப் படியவைத்துப் பூவுக்குள் மறைக்கலாம். காதோரத்தில் வருபவற்றைச் சுருள விட்டுவிடுவதே நல்லது. அடக்க முயன்று பின்னாகக் குத்திக்கொண்டே போனால் தலையில் இரும்புதான் தெரியும்.

இரவு படுக்கும் முன் கழற்றும்போது வரிசை தலைகீழ். முதலில் பூ, பிறகு பின்கள், கடைசியில் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்னல். ரப்பர் பேண்டை உருவ வேண்டாம், சிறு கத்தரியால் நறுக்கிவிடலாம். கொண்டை ஊசி மூன்று, குறுக்கே பூட்டியவை நான்கு, பிடரியில் இரண்டு, ஆக ஒன்பது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது பெரும்பாலும் காதுக்குப் பின்னால், தலையணையில் அழுந்தும் இடத்தில்தான் மாட்டியிருக்கும்.