பூச்சியத்தைத் தொடும் கோடு

ஒரு திட்டத்தில் இன்று போடும் பணமும் அதிலிருந்து பின்னாளில் வரும் பணமும் ஒரே காலத்தவை அல்ல. அவற்றைக் கூட்டிக் கழிக்க வேண்டுமானால், பின்னாள் பணத்தை முதலில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். எந்த வீதத்தில் குறைக்கிறோமோ அதற்குத் தள்ளுபடி வீதம் என்று பெயர். 10 சதவீத வீதத்தில், அடுத்த ஆண்டு வரும் 110 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 100 ரூபாய். அதற்கடுத்த ஆண்டு வரும் 121 ரூபாய்க்கும் அதே 100 ரூபாய்தான். வரவுகள் எல்லாவற்றையும் இப்படிக் குறைத்துக் கூட்டி, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது நிகர நிகழ்கால மதிப்பு. சுருக்கமாக என்.பி.வி.

வீதத்தை மாற்றினால் என்.பி.வி.யும் மாறும். படுக்கை அச்சில் தள்ளுபடி வீதத்தையும் செங்குத்து அச்சில் என்.பி.வி.யையும் வைத்து, வீதத்துக்கு ஒரு புள்ளியாகக் குறித்து இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்தக் கோடு படுக்கை அச்சை எந்த வீதத்தில் வெட்டுகிறதோ, அதுவே அத்திட்டத்தின் அக ஈட்டு வீதம். வங்கிகளின் திட்ட அறிக்கைகளில் ஐ.ஆர்.ஆர். என்று குறிக்கப்படுவது இதைத்தான்.

ஒரு மாவு மில்லின் கணக்கு

ஒரு மாவு மில்லுக்கு 5 லட்சம் ரூபாயில் புதிய எந்திரம் வாங்கப்படுகிறது என்று கொள்வோம். மின்கட்டணம், கூலி, பழுதுபார்ப்பு எல்லாம் போக ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கையில் நிற்பது 1,50,000 ரூபாய். எந்திரத்தின் ஆயுள் 5 ஆண்டு; அதன்பின் விற்றால் எதுவும் தேறாது. வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்து ஐந்து சதவீதமாக ஏற்றிப் போட்ட கணக்கு இது:

| தள்ளுபடி வீதம் | என்.பி.வி. (ரூபாய்) |
|---|---|
| 0% | +2,50,000 |
| 5% | +1,49,421 |
| 10% | +68,618 |
| 15% | +2,823 |
| 20% | −51,408 |
| 25% | −96,608 |

பூச்சிய வீதத்தில் எதையும் குறைப்பதில்லை. ஐந்து ஆண்டு வரவான ஏழரை லட்சத்தில் முதலீட்டைக் கழித்தால் இரண்டரை லட்சம். கோடு தொடங்கும் இடம் எப்போதும் இப்படி வெறும் கூட்டல் கழித்தலாகவே இருக்கும். அங்கிருந்து அது இறங்குகிறது. முதல் 5 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் விழுந்த மதிப்பு, 20-லிருந்து 25-க்குப் போகையில் 45 ஆயிரம்தான் விழுகிறது. முதலில் செங்குத்தாகவும் போகப்போகச் சாய்வாகவும் இறங்கும் இந்த வளைவு, முதலில் செலவும் பிறகு வரவும் மட்டுமே உள்ள எந்தத் திட்டத்துக்கும் பொது.

15 சதவீதத்தில் கோடு அச்சுக்கு ஒட்டினாற்போல் மேலே இருக்கிறது. 20-இல் கீழே போய்விட்டது. வெட்டும் இடம் இரண்டுக்கும் நடுவே, 15-க்கு மிக அருகில். இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால் 15.26 சதவீதம் வருகிறது. துல்லியமான விடை 15.24. அதே வேலையை 10, 20 என்ற தொலைவான புள்ளிகளைக் கொண்டு செய்தால் 15.72 என்று வரும். உண்மையான கோடு உட்குழிந்து தொங்குகிறது. நேர்கோடு அதற்கு மேலாகப் போகிறது. அதனால் நேர்கோட்டு மதிப்பீடு விடையைக் கூட்டியே காட்டும். பூச்சியத்தின் இரு பக்கமும் நெருக்கமான இரு வீதங்களைப் பிடித்துக்கொண்டால் பிழை சுருங்கிவிடும்.

வெட்டும் புள்ளி சொல்வது என்ன?

அந்த 15.24 சதவீதத்துக்கு ஒரு கடன் கணக்கின் பொருள் உண்டு. எந்திரத்துக்கு 5 லட்சம் கடன் கொடுத்ததாக எண்ணி, நிலுவைக்கு மட்டும் 15.24 சதவீத வட்டி போட்டு, ஆண்டுக்கு 1,50,000 ரூபாயைக் கழித்துவந்தால் நிலுவை இப்படிக் குறையும்: முதல் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 4,26,200, பிறகு 3,41,200, 2,43,100, 1,30,200. கடைசி ஆண்டில் இந்த 1,30,200 ரூபாயும் அதற்கான வட்டியும் சேர்ந்து 1,50,000 ஆகிறது. கடைசித் தவணையோடு கணக்கு சரியாக நேராகிறது. இதைவிடக் கூடுதல் வட்டி போட்டால் கடன் தீராது. குறைத்துப் போட்டால் பணம் மிஞ்சும்.

முழு 5 லட்சமும் ஐந்து ஆண்டும் 15.24 சதவீதம் ஈட்டியது என்று இதைப் படித்தால் தவறு. அப்படி ஈட்டியிருந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் கையில் பத்து லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் வந்த பணத்தையும் வெளியே அதே வீதத்தில் போட்டு வைத்தால்தான் அந்தத் தொகை சேரும். சேமிப்புக் கணக்கில் கிடந்தால் சேராது.

முடிவெடுக்க ஐ.ஆர்.ஆரை மட்டும் பார்த்தால் போதாது. மில்லுக்குப் பணம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதும் வேண்டும். கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால், அச்சில் 12 இருக்கும் இடத்திலிருந்து நேர் மேலே போய்க் கோட்டைத் தொட வேண்டும். அங்கே உயரம் 40,700 ரூபாய். இதுதான் திட்டம் தரும் ஆதாயம். 12-க்கும் 15.24-க்கும் உள்ள இடைவெளி, வட்டி எவ்வளவு வரை ஏறினால் தாங்கும் என்பதைக் காட்டுகிறது.

வரவு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கோடு வரைய வேண்டும். ஆண்டு வரவு 1,50,000-க்குப் பதில் 1,40,000 என்றால் கோடு முழுவதும் கீழே இறங்கி, அச்சை 12.4 சதவீதத்தில் வெட்டுகிறது. 12 சதவீதத்தில் மிஞ்சுவது 4,700 ரூபாய்க்குள். வரவில் 7 சதவீதம் குறைந்ததற்கே ஆதாயம் ஏறக்குறைய முழுதும் கரைந்துவிட்டது. 15.24 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது.

கணினியில் வரையும்போது

எக்செல் போன்ற விரிதாளில் A2 முதல் வீதங்களை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்தால் பட்டியல் தயார்:

```
=-500000+NPV(A2,150000,150000,150000,150000,150000)
```

முதலீட்டை அடைப்புக்கு வெளியே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. `NPV` தனக்குக் கொடுக்கப்படும் முதல் தொகையை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். −5,00,000-ஐயும் உள்ளே சேர்த்துவிட்டால் எல்லாத் தொகைகளும் ஓராண்டு தள்ளிப்போய், 10 சதவீதத்தில் 68,618 வர வேண்டிய இடத்தில் 62,380 வரும். இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. பூச்சிய வீதத்தில் அதே இரண்டரை லட்சம்தான் வரும். அச்சை வெட்டும் இடமும் மாறாது. நடுவே உள்ள உயரங்கள் மட்டும் தவறாக இருக்கும். அதனால் இடைப்பட்ட ஏதாவது ஒரு வீதத்துக்குக் கையால் கணக்குப் போட்டு ஒத்துப்பார்ப்பது நல்லது.

கோடு இருமுறை வெட்டினால்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லோரியும் லியனார்ட் சாவேஜும் 1955-இல் முதலீட்டுத் தேர்வைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து பாடநூல்களுக்கு வந்து நிலைத்த கணக்கு ஒன்று உண்டு. ஓர் எண்ணெய்க் கிணற்றில் பெரிய பம்பைப் பொருத்த இன்று 1,600 டாலர் செலவாகும். பொருத்தினால் இரண்டாம் ஆண்டில் வர வேண்டிய எண்ணெய் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். அதாவது முதல் ஆண்டு வரவு 10,000 டாலர் கூடும். இரண்டாம் ஆண்டு வரவு அதே 10,000 குறையும். எண்ணெயின் அளவு கூடுவதில்லை, வரும் காலம்தான் முந்துகிறது.

இதன் கோடு மில்லின் கோட்டைப் போல இறங்கிக்கொண்டே போவதில்லை. பூச்சிய வீதத்தில் 1,600 டாலர் நட்டம். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அங்கே பணத்தின் மதிப்பு ஒன்றே என்பதால் பம்புக்கான செலவு வீண். 10 சதவீதத்திலும் 774 டாலர் நட்டம். வீதம் ஏற ஏற, முந்தி வரும் பணத்துக்கு மதிப்புக் கூடிக் கோடு மேலெழுகிறது. 25 சதவீதத்தில் அச்சை வெட்டி, 100 சதவீதத்தில் 900 டாலர் என்ற உச்சத்தைத் தொடுகிறது. அதற்கப்பால் முதல் ஆண்டு வரவே தேய்ந்துபோவதால் கோடு இறங்கி, 400 சதவீதத்தில் மறுபடியும் அச்சை வெட்டுகிறது.

இங்கே ஐ.ஆர்.ஆர். 25-ஆ, 400-ஆ? சமன்பாட்டுக்கு இரண்டும் விடைதான். எக்செலின் `IRR` இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும். எந்த வீதத்திலிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால் அது 10 சதவீதத்திலிருந்து தொடங்கி 25-ஐத் தரும். 300 சதவீதத்திலிருந்து தேடச் சொன்னால் 400-ஐத் தரும். இன்னொரு விடை இருப்பதாக எந்த எச்சரிக்கையும் வராது. பம்பின் விலை 2,600 டாலர் என்று வைத்தால் கோட்டின் உச்சமே அச்சுக்கு 100 டாலர் கீழே நின்றுவிடும். அப்போது ஐ.ஆர்.ஆர். என்று ஒன்றே இல்லை. திரையில் `#NUM!` என்று வரும்.

இந்தச் சிக்கல் வருமா என்பதை வரவுசெலவு வரிசையைப் பார்த்தே ஊகிக்கலாம். மில்லின் வரிசையில் குறி ஒருமுறைதான் மாறுகிறது: முதலில் கழித்தல், பிறகு எல்லாம் கூட்டல். அங்கே வெட்டும் புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. பம்பின் வரிசையில் கழித்தல், கூட்டல், கழித்தல் என்று குறி இருமுறை மாறுகிறது. அதனால் இரண்டு வெட்டுப்புள்ளிகள் வரை வர இடம் உண்டு. இறுதியில் குழியை மூடி நிலத்தைச் சீராக்கப் பெருந்தொகை செலவிட வேண்டிய சுரங்கங்களின் வரிசையும் இந்த வகைதான்.

அத்தகைய திட்டத்தில் வெட்டும் புள்ளியை வைத்து முடிவெடுக்க முடியாது. கோட்டின் உயரம்தான் கைகொடுக்கும். நிறுவனத்துக்குப் பணம் 10 சதவீதத்தில் கிடைக்கிறது என்றால் பம்பின் கோடு அங்கே அச்சுக்குக் கீழே இருக்கிறது, வாங்கக் கூடாது. 25, 400 ஆகிய இரண்டுமே 10-ஐவிடப் பெரியவை என்பதை நம்பி வாங்கியிருந்தால் 774 டாலர் நட்டமாகியிருக்கும்.