ஆயிரம் பிறை பார்த்த கண்ணுக்கு ஒரு லட்டு தெரியாதா?

பாட்டிக்குப் பிறந்த நாள் வாழ்த்து எழுத உட்காரும் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது வயதில்தான். ‘கேக்கில் மெழுகுவத்தி வைக்க இடமில்லை’, ‘உன் பல்செட்டுக்கும் சேர்த்து வாழ்த்து’ என்கிற ரகம். பாட்டி சிரிப்பார். சிரித்துவிட்டு, “ஆமாம்பா, வயசாயிடுச்சு, இன்னும் எத்தனை நாளோ” என்பார். அப்படிப் பதில் வந்தால் ஜோக் சுட்டுவிட்டது என்று அர்த்தம். “போடா போக்கிரி” என்று வந்தால் தப்பித்தீர்கள்.

அதற்காக வயதைத் தொடவே கூடாது என்றில்லை. அதைக் குறையாகச் சொல்லாமல் பாட்டியின் சாமர்த்தியமாக மாற்றிவிட வேண்டும். சதாபிஷேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறை சுமார் 29½ நாளுக்கு ஒருமுறை வரும். ஆயிரம் பிறை சேர ஏறக்குறைய 80 வருஷம் 10 மாதம் ஆகும். அந்த வயதுப் பாட்டிக்கு இப்படி எழுதலாம்:

“பாட்டி, ஆயிரம் பிறை பார்த்தவங்கன்னு ஊரே உன் கால்ல விழுது. உன் கண்ணோட பவர் எனக்குப் போன தீபாவளிக்கே தெரியும். சம்படத்துல இருந்து ஒரே ஒரு லட்டுதான் எடுத்தேன். கண்ணாடிகூடப் போடாம, ‘ஒண்ணு குறையுதே’ன்னு என் வாயையே பார்த்தே. அடுத்த தீபாவளிக்கும் நீதான் எண்ணணும், நான்தான் திருடணும்!”

இதில் மாட்டிக்கொள்பவன் பேரன், ஜெயிப்பவர் பாட்டி. அதனால்தான் நாலு பேர் முன்னால் படித்தாலும் அவருக்குக் கூச்சம் இருக்காது. ‘அன்புத் தெய்வமே’ என்றெல்லாம் எங்கும் இல்லை. கடைசி வரி கேட்பது இன்னொரு வருஷத்தை. பாட்டிக்கு அது புரிந்துவிடும். லட்டு இல்லாத வீட்டில் வேறொன்று இருக்கும்: மெத்தைக்கு அடியில் மடித்து வைத்த துணிக்கடைப் பைகள், சீரியல் வில்லியை அவர் திட்டும் திட்டு, “ரெண்டே ரெண்டு இட்லி” என்று தட்டில் விழும் ஆறு இட்லி. அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கமாகப் பார்த்து எடுங்கள். மறதி, காது, முழங்கால் வேண்டாம். அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடந்த பழைய சமையலறைச் சண்டை வேண்டவே வேண்டாம். அன்றைக்குக் கேக் வெட்டுகிற மாதிரி இருக்காது.

செல்போனில் பொடி எழுத்தைப் படிக்கச் சிரமப்படுபவருக்கு வாய்ஸ் மெசேஜ்தான் சரி. நிதானமாகப் பேசுங்கள். ‘ஒரே ஒரு லட்டுதான்’ என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள், நீங்கள் முந்திச் சிரித்துவிடாதீர்கள்.

எந்தத் தேதியில் அனுப்புவது என்பதையும் வீட்டில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கும் பாட்டிகள் நம்மிடம் ஏராளம். அவரைக் கேட்டால் ‘ஐப்பசி, சதயம்’ என்று மாதமும் நட்சத்திரமும்தான் சொல்வார். காலண்டரில் அதைத் தேடிப் பிடித்து, அவர் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். பிரகாரத்தில் பத்துப் பேருக்காவது போட்டுக் காட்டுவார்.