டிஸ்க்கில் இடம் இருக்கிறது, பில் ஏன் நிற்கிறது?

மாலை ஏழு மணி. மளிகைக் கடையில் நாலு கவுண்டரிலும் வரிசை நிற்கிறது. திடீரென்று எந்தக் கவுண்டரிலும் பில் சேவ் ஆகவில்லை. பழைய பில்லைத் தேடினால் வருகிறது, நேற்றைய விற்பனை ரிப்போர்ட்டும் வருகிறது. புதிய பில் மட்டும் ஏற மறுக்கிறது. திரையில் இப்படி ஒரு வரி:

```
Could not allocate space for object 'dbo.BillDetail'
in database 'SHOPDB' because the 'PRIMARY' filegroup is full.
```

உரிமையாளர் உடனே கணினியைத் திறந்து பார்ப்பார். டி டிரைவில் 300 ஜிபி காலியாக இருக்கும். “இவ்வளவு இடம் கிடக்கே, எது நிரம்பிச்சு?” என்பார். அவர் கேட்பது நியாயமான கேள்வி. பில்லிங் சாஃப்ட்வேரைப் பராமரிக்கிறவர், கடை நிற்பதற்கு ஐந்தாறு மாதம் முன்பே அவருக்கு அனுப்பியிருக்க வேண்டிய செய்தியில் இதற்குத்தான் முதலில் பதில் இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர்கள் பலவும் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பில்தான் கணக்கைச் சேமிக்கின்றன. பணம் கட்டாமல் கிடைப்பதால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. 2008 ஆர்2 பதிப்பிலிருந்து 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இந்த வரம்பு வெறும் 4 ஜிபி. டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. ‘இடம் போதவில்லை’ என்று கேட்டதும் புது எஸ்எஸ்டி வாங்கிப் போடுகிறவர்கள் காசைச் செலவழித்த பிறகும் அதே பிழைச் செய்தியைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நடுத்தர மளிகைக் கடை எவ்வளவு காலத்தில் 10 ஜிபியை எட்டும்? நாளுக்கு 600 பில், பில்லுக்குச் சராசரியாக 12 சரக்கு என்று வைப்போம். அப்படியானால் தினமும் 7,200 வரிகள் ஏறுகின்றன. சரக்கின் பெயர், விலை, ஜிஎஸ்டி, தள்ளுபடி ஆகியவற்றோடு, தேடுவதற்கான இண்டெக்ஸும் சேர்ந்தால் ஒரு வரி ஏறத்தாழ 600 பைட் பிடிக்கும். நாளுக்கு 4 எம்பிக்குச் சற்று மேல், மாதம் 130 எம்பி, வருடம் ஒன்றரை ஜிபி. ஆறரை வருடத்தில் 10 ஜிபி முடிந்துவிடும்.

இது பில் வரிகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. சில சாஃப்ட்வேர்கள் ஒவ்வொரு பில்லையும் பிடிஎஃப்பாக டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒரு பிடிஎஃப் 50 கேபி என்றாலும் 600 பில்லுக்கு நாளுக்கு 30 எம்பி ஆகிறது. அந்தக் கடை ஒரே வருடத்தில் வரம்பைத் தொட்டுவிடும். அதனால் டேட்டாபேஸை நிரப்புவது எந்த டேபிள் என்று பார்க்காமல் யாரும் விலை பேசக் கூடாது. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் Disk Usage by Top Tables என்ற ரிப்போர்ட்டை எடுத்தால் பெரிய டேபிள் முதலில் வந்து நிற்கும்.

இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை இந்தக் கட்டளை காட்டும்:

```
SELECT name, FILEPROPERTY(name,'SpaceUsed')/128 AS MB
FROM sys.database_files;
```

இதில் லாக் ஃபைலின் அளவும் தனி வரியாக வரும். 10 ஜிபி வரம்பில் லாக் சேராது. அது தறிகெட்டு வளர்ந்தால் டிஸ்க்கை அடைத்துவிடும். அது வேறு கோளாறு, அதற்கு வைத்தியமும் வேறு.

டேட்டா ஃபைல் ஜூன் தொடக்கத்தில் 9,400 எம்பி காட்டுகிறது என்று வைப்போம். வரம்பு 10,240. செப்டம்பர் முடியும்போது 9,920 ஆகும். தீபாவளிச் சரக்கு போகும் அக்டோபரில் விற்பனை இரட்டிப்பானால் 10,180. நவம்பர் நடுவில் கடை நிற்கும். இந்தத் தேதிதான் உரிமையாளருக்கு வேண்டிய தகவல். ‘விரைவில் நிரம்பும்’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள்.

செய்தியை இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணாச்சி. நம்ம பில்லிங் டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரைதான் அனுமதி. இப்ப 9.2 ஜிபி ஆயிடுச்சு. இதே வேகத்துல போனா நவம்பர் நடுவுல புது பில் போட முடியாது. புது டிஸ்க் வாங்க வேண்டாம், அதனால பிரயோஜனம் இல்ல. மூணு வழி இருக்கு. ஒண்ணு, 2025 எக்ஸ்பிரஸுக்கு மாறுறது. அதுல 50 ஜிபி வரை வளரலாம், லைசன்ஸுக்குக் காசு இல்ல, கூலி 4,000 ரூபாய், ஒரு ராத்திரி வேலை. ரெண்டு, பழைய வருஷங்களைத் தனி டேட்டாபேஸா பிரிக்கிறது. கூலி 10,000, ரெண்டு ராத்திரி ஆகும். மூணு, ஸ்டாண்டர்ட் பதிப்பு வாங்குறது. அஞ்சு கம்ப்யூட்டருக்கு வரியோட ரெண்டு லட்சத்துக்கு மேல போகும், நமக்கு அது தேவையில்ல. சாஃப்ட்வேர் கம்பெனி 2025-ல ஓடும்னு உறுதி சொன்னா முதல் வழி நல்லது, இல்லன்னா ரெண்டாவது. ஆடி முடியறதுக்குள்ள சொல்லுங்க.”

இதில் கூலித் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஸ்டாண்டர்ட் பதிப்பின் விலை டாலரில் தீர்மானமாவது. சர்வர் லைசன்ஸ் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 டாலர், கணினி ஒன்றுக்கு 200 டாலருக்கு மேல். தினம் ஆயிரக்கணக்கில் பில் போடும் பெரிய கடைக்கு அது வேண்டியிருக்கலாம். மளிகைக் கடைக்கு வீண் செலவு.

“பழசை அழிச்சுட்டா போதுமே?” என்று அண்ணாச்சி கேட்கக்கூடும். அழிக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. 2023-24 கணக்குக்கு அந்த நாள் 2024 டிசம்பர் 31; ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அது கையில் இருந்தாக வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் இன்னும் நீளும். பில் அல்லாத வேறு குப்பை இருந்தால், உதாரணமாக யார் எப்போது லாகின் செய்தார் என்ற பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டு நீக்கலாம். நீக்கிய இடத்தில் புது பில் ஏறிக்கொள்ளும். ஃபைலைச் சுருக்க வேண்டியதில்லை.

பிரிப்பது என்ற இரண்டாவது வழி நடப்பதற்குக் காரணம், வரம்பு ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி என்பதே. பழைய வருடங்கள் தனியே போனால் நடப்புக் கணக்குக்கு மறுபடி இடம் கிடைக்கும். ஆனால் கையிருப்புச் சரக்கும் வாடிக்கையாளர் கடன் பாக்கியும் தொடக்க இருப்பாகச் சரியாக வந்து சேர வேண்டும். தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பிரிப்பதற்கு முன்னும் பின்னும் மொத்தக் கடன் பாக்கியை அச்செடுத்து ஒப்பிட்டால் பிசகு அன்றைக்கே தெரிந்துவிடும்.

முதல் வழியிலும் ஒரு கண்டிப்பு உண்டு. புதிய பதிப்பில் ஏற்றிய டேட்டாபேஸைப் பழைய பதிப்புக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. விண்டோஸ் 7, 8 ஓடும் பழைய கணினியில் புதிய பதிப்பே ஏறாது. அங்கே கணினியின் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலையைத் தொடங்குமுன் பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்க வேண்டும். பழைய இன்ஸ்டலேஷனை ஒரு வாரம் அழிக்காமல் விடுவது நல்லது. மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு பில் போட்டு, பில் எண் நேற்றைய தொடர்ச்சியாக வருகிறதா, பிரிண்டரில் ஜிஎஸ்டி சரியாக விழுகிறதா, ஸ்டாக் குறைகிறதா என்று பார்த்த பிறகுதான் பராமரிப்பாளர் கூலியைக் கேட்க வேண்டும்.