‘எனக்கு’ என்று நினைத்தால் எளிது

ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு சில வாரம் தங்கிப் படிக்கப்போகிற பிளஸ் ஒன் மாணவி, அவர்களுக்கு அனுப்ப வேண்டிய அறிமுகச் செய்தியை என்னிடம் காட்டினாள். பத்து வரிதான். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் ஸ்பானிஷில் மாற்றியிருந்தாள்.

தன் ஸ்பானிஷ் அரைகுறை என்பதால் கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும் ‘எம்பராஸாதா’வைப் போட்டிருந்தாள். அதற்குக் கர்ப்பிணி என்று பொருள். அவர்களைப் பார்க்கும் ஆவலைச் சொல்ல ‘எக்ஸித்தாதா’ என்று எழுதியிருந்தாள். பேச்சு வழக்கில் அது பாலுணர்வுக் கிளர்ச்சியையே முதலில் நினைவூட்டும். பதினாறு வயதுப் பெண்ணை வீட்டில் ஏற்கப்போகிறவர்கள் முதன்முதலாகப் படிக்கும் வரிகள் இவை.

“எல்லாத்தையும் அழிச்சிடு. தமிழ்ல எப்படிச் சொல்லுவ?” என்று கேட்டேன்.

“எனக்குக் கூச்சமா இருக்கு மிஸ்.”

ஸ்பானிஷும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது: ‘மே தா வெர்குவென்ஸா’. எனக்குக் கூச்சத்தைத் தருகிறது என்பது நேர்ப்பொருள். ‘மே’ என்பது நம் ‘எனக்கு’. ‘மே குஸ்தா லா மூசிகா’ என்றால் எனக்கு இசை பிடிக்கும். பிடிக்கிற பொருள்தான் இங்கே எழுவாய். அதனால் அது பன்மையானால் வினையும் மாறும்: நாய்கள் பிடிக்கும் என்றால் ‘மே குஸ்தான் லோஸ் பெர்ரோஸ்’. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் ‘நான்’ என்று தொடங்கி இந்த இடத்தில் தடுமாறுவார்கள். தமிழிலிருந்து நேராக வந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆவலுக்கு ‘தெங்கோ முச்சாஸ் கானாஸ் தே கொனொஸேரோஸ்’ என்று எழுதவைத்தேன். உங்களையெல்லாம் சந்திக்க எனக்கு மிகுந்த ஆசை இருக்கிறது என்று அர்த்தம். வயதையும் அதே ‘தெங்கோ’வால்தான் சொல்ல வேண்டும்: ‘தெங்கோ 16 ஆஞோஸ்’. ஆண்டைக் குறிக்கும் இந்தச் சொல்லில் வருவது நம் ‘ஞ’ ஒலி. அவள் ñ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் n போட்டிருந்தாள். தலைமேல் அந்தச் சிறு கோடு இல்லாவிட்டால் சொல் மலவாயைக் குறித்துவிடும். கைபேசியில் n எழுத்தை அழுத்திப் பிடித்தால் ñ வந்துவிடும். அந்த ஒரு நொடி அவசியம்.

நம் தமிழ் வழக்கமே தடுக்கிவிடுகிற இடமும் உண்டு. பெரியவர்களை ‘நீங்கள்’ என்று சொல்லிப் பழகிய அவள், மரியாதைக்குரிய ‘உஸ்தேதெஸ்’ வடிவத்தையே செய்தி முழுக்கப் பயன்படுத்தியிருந்தாள். மெக்சிகோவுக்குப் போகிறாள் என்றால் அதுவே சரி, அங்கே பலரை விளிக்க வேறு வடிவம் வழக்கில் இல்லை. ஸ்பெயினில் வீட்டுக்குள் அது விறைப்பாக, அலுவலகக் கடிதம் போலத் தெரியும். பலரை நெருக்கமாக விளிக்க அங்கே ‘வொசோத்ரோஸ்’ இருக்கிறது. ‘கொனொஸேரோஸ்’ என்பதன் இறுதி ‘ஓஸ்’ அதைச் சேர்ந்ததுதான். அம்மா வயதுப் பெண்மணியை அப்படி அழைப்பதா என்று அவள் தயங்கினாள். அந்த ஊரில் அதில் அவமரியாதை இல்லை.

அதிக நேரம் சாப்பாட்டு வரிக்குத்தான் செலவானது. ‘நான் சைவம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தாள். அங்கே ‘கார்னே’, அதாவது இறைச்சி, வேண்டாம் என்று சொன்னால் பலருக்குத் தட்டில் கிடக்கும் துண்டுக்கறிதான் நினைவுக்கு வரும். பருப்புக் குழம்பில் கிடக்கும் சொரீஸோ தொத்திறைச்சியும், சாலட்டில் உதிர்த்துப் போட்ட சூரை மீனும் கணக்கில் வராமல் போகலாம். எனவே பெயர் சொல்லியே எழுதினோம்: இறைச்சி, மீன், ஹமோன் என்கிற பன்றித்தொடை, சூரை, எலும்பு வேகவைத்த சாறு எதுவும் சாப்பிடமாட்டேன், முட்டை, பால் சாப்பிடுவேன். முட்டை உண்டு என்ற வரி முக்கியம். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுடும் ‘தொர்த்தீயா’ அங்கே எந்த வீட்டிலும் செய்வது, சமைப்பவருக்கு அதுவே பெரிய நிம்மதி. வேர்க்கடலை அவளுக்கு ஒவ்வாது. அதற்கு ஸ்பெயினில் ‘ககவேத்தே’ என்று பெயர், அர்ஜென்டினாவில் ‘மனி’. ஒவ்வாமையைப் பொறுத்தவரை எந்த நாட்டுச் சொல் என்று பார்த்தே எழுத வேண்டும்.

கடைசியில் பெயர். ஸ்பெயின்காரர்களுக்குப் பெயருக்குப் பின் இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு, வழக்கமாக ஒன்று அப்பாவுடையது, மற்றது அம்மாவுடையது. இவளுக்கோ ஓர் இனிஷியல் மட்டும். அது அப்பாவின் பெயர், என்னை அதனால் அழைக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தாள். முடிவில் ‘ஒரு அணைப்பு’ என்று பொருள்படும் ‘உன் அப்ராஸோ’ போடச் சொன்னேன். அன்பானவர்களுக்கு எழுதும்போது அங்கே சாதாரணமாகப் போடுவது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் கீழே வீட்டில் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயரை எழுதினாள்.