ரெப்போ குறைப்பும் வங்கிக் கடன் வட்டியும்

ரெப்போ வீதம் என்பது, இந்திய ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு வணிக வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குப் பணம் தரும்போது வாங்கும் வட்டி வீதம் ஆகும். நாட்டின் கொள்கை வட்டி வீதம் இதுவே. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 விழுக்காடாக இருந்த இது, மூன்று முறை குறைக்கப்பட்டு ஜூன் மாதத்தில் 5.50 விழுக்காடு ஆனது. ஆனால் வீட்டுக்கடன் வாங்கியிருந்த எல்லோருக்கும் அந்த ஒரு விழுக்காடு ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை.

தாமதம் தொடங்கும் இடம்

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கித்தான் நமக்குக் கடன் தருகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ரெப்போ வழியாக வரும் பணம் வங்கியின் மொத்த நிதியில் மிகச் சிறிய பங்கு. பெரும்பகுதி பொதுமக்களின் வைப்புத் தொகையே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வங்கியிடம் 100 ரூபாய் வைப்பு இருப்பதாகக் கொள்வோம். அதில் 10 ரூபாய் வட்டியில்லாத நடப்புக் கணக்கிலும், 30 ரூபாய் சேமிப்புக் கணக்கிலும், 60 ரூபாய் பிக்சட் டெபாசிட் எனப்படும் குறித்தகால வைப்பிலும் உள்ளது. ரெப்போ ஒரு விழுக்காடு குறைந்ததும், வங்கி புதிய குறித்தகால வைப்புகளுக்கு ஒரு விழுக்காடு குறைக்கிறது. சேமிப்புக் கணக்கு வட்டியை மாற்றவில்லை. பழைய வைப்புகளுக்கு முதிர்வு நாள் வரை பேசிய வட்டியையே தந்தாக வேண்டும். ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 ரூபாய், முதிர்ந்து புதுப்பிக்கப்பட்டால், ஆண்டு முடிவில் அந்த 100 ரூபாய்க்கான வட்டிச் செலவு 20 காசு மட்டுமே குறைந்திருக்கும். கடன் வட்டியை முழுதாக ஒரு ரூபாய் குறைத்தால் மீதி 80 காசு வங்கியின் வருமானத்தில் விழும் துண்டு.

புதிய வைப்புகளின் வட்டியையும் வங்கி விரும்பியபடி குறைக்க இயலாது. அஞ்சலகச் சேமிப்புத் திட்டங்களின் வட்டியை அரசு தனியாக நிர்ணயிக்கிறது. அது குறையாதபோது, வட்டியை நம்பி வாழும் ஓய்வூதியர் தம் பணத்தை அங்கே கொண்டு போய்விடுவார்.

கணக்கிடும் முறை

2010 ஜூலையில் வந்த அடிப்படை வீத முறையில், பல வங்கிகள் மேலே கண்டதுபோல் சராசரிச் செலவையே கணக்கில் கொண்டன. 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். எனும் இறுதிநிலைச் செலவு முறை வந்தது. இதில் வைப்புகளுக்கு இன்று தரும் வட்டியைக் கொண்டு செலவு கணக்கிடப்படும். நம் எடுத்துக்காட்டில் 20 காசுக்குப் பதில் 60 காசு குறைப்பு வரும். போட்டிக்குப் பயந்து வைப்பு வட்டியை அரை விழுக்காடு மட்டும் குறைத்தால் 30 காசுதான்.

அதுவும் உடனே கடன்தாரரை அடையாது. எம்.சி.எல்.ஆர். கடன்களின் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான் மறுநிர்ணயம் செய்யப்படும். ஒருவருடைய மறுநிர்ணய நாள் ஜனவரியில் வந்தால், 2025 பிப்ரவரிக் குறைப்பின் பலனை அவர் 2026 ஜனவரியில்தான் காண்பார். 25 லட்சம் ரூபாய் நிலுவையில் ஒரு விழுக்காடு என்பது மாதம் சுமார் 2,080 ரூபாய் வட்டி.

ஜனக் ராஜ் தலைமையிலான ரிசர்வ் வங்கியின் உள் ஆய்வுக்குழு 2017இல் இந்தக் குறைகளைச் சுட்டிக்காட்டி, வங்கியின் கையில் இல்லாத ஒரு வெளி அளவுகோலுடன் கடன் வட்டியை இணைக்கப் பரிந்துரைத்தது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டியிலான புதிய தனிநபர், வீட்டு, குறு, சிறு தொழில் கடன்களுக்கு இது கட்டாயமானது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே அளவுகோலாகக் கொண்டன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மறுநிர்ணயம் ஆக வேண்டும்.

வேகம் இரு பக்கமும் வெட்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00இலிருந்து 6.50 ஆக ஏறியபோது, இம்முறையில் இருந்தவர்களின் வட்டியும் உடனுக்குடன் ஏறியது. மேலும், ரெப்போவின் மீது வங்கி சேர்க்கும் கூடுதல் வீதத்தைப் புதிய கடன்தாரர்களுக்கு உயர்த்தி வைத்தால், குறைப்பின் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

கடன்தாரர் அறிவது எப்படி

கடன் அனுமதிக் கடிதத்தில் அளவுகோலின் பெயர், கூடுதல் வீதம், மறுநிர்ணய நாள் மூன்றையும் பார்க்க வேண்டும். வட்டி குறைந்தும் மாதத் தவணை மாறவில்லை என்றால் குறைப்பு வரவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. 25 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 20 ஆண்டுகள் பாக்கியிருந்து, வட்டி 9 விழுக்காட்டிலிருந்து 8 ஆனால், தவணை 22,493 ரூபாயிலிருந்து சுமார் 20,911 ரூபாயாகக் குறையலாம்; அல்லது தவணை அப்படியே இருந்து 240 மாதங்கள் 204 ஆகலாம்.

வங்கிகளில் பழைய முறையில் உள்ளவர்கள், நிர்வாக, சட்டச் செலவை மட்டும் செலுத்திப் புதிய முறைக்கு மாறக் கேட்கலாம். வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் கடன் வாங்கியவர்களுக்கு 2019ஆம் ஆண்டு விதி பொருந்தாது. அந்நிறுவனங்கள் தம் சொந்த அடிப்படை வீதத்தையே பயன்படுத்துகின்றன.