ஆய்வேடு நூலாகும்போது

முனைவர் பட்ட ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதப்படுவது. எழுதியவர் அனைத்தையும் படித்திருக்கிறார் என்று அது காட்டியாக வேண்டும். நூலின் வாசகர் அதைக் கேட்பதில்லை. அவர் வாதத்தைத் தேடி வருகிறார். எனவே முதலில் கலைக்க வேண்டியது ‘முந்தைய ஆய்வுகள்’ இயலைத்தான்.

ஏரிப் பாசனம் பற்றிய ஆய்வேடு என்று வைத்துக்கொள்வோம். நூலின் முதல் இயல் மடை திறப்பதில் எழுந்த ஒரு தகராறோடு தொடங்கலாம். அதை விளக்கும் இடத்திலேயே, ஆசிரியர் மறுக்க விரும்பும் இரண்டு மூன்று ஆய்வாளர்கள் வந்தால் போதும்; மற்றவர்கள் பின்குறிப்புக்குப் போகட்டும்.

பிறகு எல்லா இயல்களின் முதல் பத்தியையும் வரிசையாகப் படியுங்கள். ‘இவ்வியலில் ஆராயப்படுகிறது’ என்றே ஒவ்வொன்றும் தொடங்கினால், அது இன்னும் ஆய்வேடுதான். வாதம் இயலுக்கு இயல் முன்னேறினால் நூலாகிவிட்டது.